மதிப்பெண் சான்றிதழ்: சரிபார்ப்பும் இரண்டாம்படியும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கிய கையோடு லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். அசல் தாளா என்று தொட்டும் வெளிச்சத்தில் பிடித்தும் பார்ப்பதற்கு அந்த பிளாஸ்டிக் உறை தடையாகிறது. பிரித்தெடுத்தால் எழுத்தும் சேர்ந்தே உரிந்து வந்துவிடும். சாதாரண பிளாஸ்டிக் கோப்பு போதும்.

உங்கள் கையில் இருக்கும் தாள், சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் மதிப்பெண் பதிவேட்டில் உள்ள ஒரு பதிவிலிருந்து எழுதித் தரப்பட்டது. தாள் தொலையலாம், பதிவு தொலையாது. நிறுவனங்களும் கல்லூரிகளும் சரிபார்ப்பது அந்தப் பதிவைத்தான். நாம் இரண்டாம்படி வாங்குவதும் அதிலிருந்துதான். அந்தப் பதிவைத் தேடி எடுக்கப் பதிவெண், தேர்வு எழுதிய மாதமும் ஆண்டும், பிறந்த தேதி ஆகிய மூன்றும் வேண்டும். சான்றிதழில் டி.எம்.ஆர். குறியீட்டு எண்ணும் இருக்கும். அதையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

வேலைக்கோ மேற்படிப்புக்கோ சேரும்போது சான்றிதழின் நகலை இயக்ககத்துக்கு அனுப்பி உண்மைத்தன்மை கேட்பார்கள். போலி ஆவணம் மாட்டிக்கொள்வது இருக்கட்டும், நேர்மையான பிள்ளைகளும் இங்கே சிக்குவதுண்டு. ஒரு பாடத்தில் தவறி, துணைத்தேர்வில் தேர்ச்சி பெற்றவரிடம் இரண்டு தேர்வுகளின் மதிப்பெண் தாள்கள் இருக்கும். விண்ணப்பத்தில் 'மார்ச்' என்று மட்டும் எழுதி முதல் தாளை மட்டும் இணைத்தால், பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றுதான் பதில் வரும். இரண்டையும் காட்டிவிட்டால் சிக்கலே இல்லை. தலைப்பெழுத்து முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும்கூடத் தாமதத்துக்குக் காரணமாகிறது. விண்ணப்பத்தில் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், ஆதாரில் உள்ளபடி அல்ல.

விவரம் தெரிந்தவர்கள் வேறு சிலவற்றையும் கவனிப்பார்கள். 2021இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டுமே. பன்னிரண்டாம் வகுப்பு மொத்தம் 2018 வரை 1200. 2019 முதல் 600. கொரோனா ஆண்டில் படித்த பிள்ளையிடம் "மதிப்பெண் எங்கே?" என்று வெளிமாநில நிறுவனம் கேட்டால் பதற வேண்டாம், இந்த விவரத்தைச் சொன்னால் போதும்.

டிஜிலாக்கர் கணக்கில் Issued பகுதிக்கு வந்த ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய படத்துக்கு அந்த மதிப்பு இல்லை. இரண்டையும் ஒன்றென நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

இனி, தொலைந்தால் என்ன செய்வது? 2017 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய மாணவி ஒருவர், பேருந்துப் பயணத்தில் கோப்பைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. முதலில் அவர் eservices.tnpolice.gov.in தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதிய வேண்டும். இது தவறவிட்டதற்கு மட்டும்தான். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். 'படிப்புச் சான்றிதழ்கள் தொலைந்தன' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு சான்றிதழின் பெயர், பதிவெண், ஆண்டு மூன்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். எந்தச் சான்றிதழ் தொலைந்தது என்று தெரியாத அறிக்கையை வைத்து எந்த அலுவலகமும் இரண்டாம்படி தராது.

அதன்பின் அவர் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். மாற்றுச் சான்றிதழின் இரண்டாம்படியைக் கடைசியாகப் படித்த பள்ளியே தரும். பட்டச் சான்றிதழுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரை அணுக வேண்டும். இரண்டு மதிப்பெண் சான்றிதழ்களுக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம். இயக்ககத்துக்கான விண்ணப்பத்தில் பள்ளித் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றொப்பமிட வேண்டும். பத்தாம் வகுப்பை வேறு பள்ளியில் படித்திருந்தால் அதற்கு அந்தப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், எங்கள் பதிவேட்டில் அந்த விவரம் இருக்காது.

வெள்ளத்திலோ தீயிலோ போனால் வழி வேறு. இயற்கை இடரால் கல்விச் சான்றிதழ் இழந்ததற்கான சான்றை இ-சேவை மையம் வழியாக வருவாய்த் துறையிடம் பெறலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. அப்படி முகாம் அறிவித்தால் முதலில் அங்கே போவதே சுலபம்.

கல்லூரியில் சேரும்போது அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அசலை நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. தர மறுத்தால் அந்த அறிவிப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

சான்றொப்பத்துக்கு வரும் முன்னாள் மாணவர்கள் பழைய நகல் ஏதாவது இருந்தால் எடுத்து வரவும். நகலே இல்லையென்றால் படித்த ஆண்டும் பிரிவும் தெரிந்தால் போதும், பதிவேட்டில் தேடித் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்