காவலரின் குறுஞ்செய்தி வராவிட்டால்?

ஆசிரியருக்கு,

பல்லடம் பக்கம் ஒரு நூல் குடோனில் என் பெரியப்பா இரவுக் காவலர். மணிக்கொரு முறை சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது ஏற்பாடு. கடந்த மாதம் ஒரு நாள் பதினொன்றரை மணிக்குப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. செல்போன் மேசையில் கிடந்தது. பன்னிரண்டு மணிச் செய்தி போகவில்லை. சூப்பர்வைசர் தூங்கிவிட்டார். காலை ஆறு மணிக்கு மாற்று ஆள் வந்துதான் பார்த்தார். ஆறரை மணி நேரம் அவர் வெறும் தரையில் கிடந்தார்.

செய்தி வருவதைப் பார்க்க ஆள் இருந்தால் போதாது, வராததைக் கவனிக்க விழித்திருக்கும் ஆள் வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் இரண்டு முறை அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் பக்கத்து மில் காவலரை நேரில் அனுப்ப வேண்டும். அவரிடம் கேட் சாவியும் இருக்க வேண்டும். 108க்கு வழி சொல்லும் அடையாளத்தைச் சுவரில் எழுதி வைக்கலாம். அலுவலகத்திலிருந்த வீட்டு எண்ணும் பழையது, எங்களுக்குத் தகவலே வரவில்லை.

சிக்னல் இல்லாத காட்டில் காற்றாலை பழுதுபார்க்கப் போகும் டெக்னீஷியனுக்குச் செய்தி முறை உதவாது. திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அந்த நேரம் தாண்டினால் தேடிக் கிளம்ப ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

- ஒரு வாசகர், பல்லடம்