குவேக்கர் கூடுகையில் யார் எழுந்து பேசுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இவர்களைப் பற்றி எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர், "குருமார் இல்லை, சடங்கு இல்லை, எனவே கட்டுப்பாடும் இல்லை. ஒரு மணி நேரம் கண்ணை மூடித் தியானம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்" என்று முடித்திருந்தார். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்துத் தெருவில் இருந்த குவேக்கர் கூடத்துக்கு ஞாயிறுதோறும் போய் உட்காருவேன். சேர்ந்துவிடவில்லை. பாளையங்கோட்டையில் கீர்த்தனையும் ஜெபப் புத்தகமுமாக வளர்ந்தவனுக்கு அது சுலபமில்லை. முதல் நாள் உள்ளே போனதும் ஆல்டர் எந்தப் பக்கம் என்றுதான் கண் தேடியது. ஆல்டரும் இல்லை, பிரசங்க பீடமும் இல்லை, சிலுவைகூட இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடுவில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு ஜாடிப் பூ, ஒரு பைபிள், இன்னொரு சிறு புத்தகம். மணி அடித்து ஆராதனை தொடங்குவதும் கிடையாது. முதலில் வந்தவர் உட்கார்ந்தாலே தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். பின்னால் வருகிறவர்கள் அந்த அமைதிக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம், யாரோ ஒருவரின் வயிறு, அவ்வளவுதான் சத்தம். அப்புறம் ஒரு வயதான அம்மா எழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் தோட்டத்து ஆப்பிள்கள் பறிக்க ஆளில்லாமல் விழுந்து கிடப்பதைப் பற்றி நாலைந்து வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை, பதிலும் சொல்லவில்லை. மறுபடி அமைதி. ஒரு மணி நேரம் ஆனதும் இரண்டு மூப்பர்கள் கை குலுக்கினார்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முடிந்தது. பிறகு அறிவிப்புகள், டீ.

இதைத் தியானம் என்றால் அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தியானத்தை வீட்டில் தனியாகவும் செய்யலாம். இங்கே கூடி உட்காருவதுதான் விஷயம். அமைதி அவர்களுக்கு வழிபாட்டுப் பொருள் இல்லை, காத்திருக்கும் இடம். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் 'உள்ளொளி' என்ற பேச்சே வருகிறது.

கட்டுரையாளர் அதை மனசாட்சி என்று எழுதிவிட்டார். குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். 1624-இல் லெஸ்டர்ஷயரில் பிறந்து, செருப்புத் தைக்கும் தொழிலுக்குப் பழக விடப்பட்ட பையன் அவர். பத்தொன்பது வயதில் மன வேதனையோடு வீட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகக் குருமாரிடம் போய் வழி கேட்டார். ஒருவர், புகையிலை போடு, சங்கீதம் பாடு என்றார். பையனுக்குப் புகையிலை பிடிக்காது, பாடும் நிலையிலும் அவன் இல்லை. இன்னொருவரோடு தோட்டத்தில் பேசிக்கொண்டே நடந்தபோது, பாதை குறுகலாக இருந்ததால் ஃபாக்ஸின் கால் பாத்தியின் ஓரத்தை மிதித்துவிட்டது. அந்தப் பெரியவர் வீடு பற்றி எரிவதுபோலக் கத்தினாராம். இதையெல்லாம் ஃபாக்ஸே தன் நாட்குறிப்பில் சொல்கிறார். படிக்கும்போது சிரிப்பு வந்தாலும், குருமார் வேண்டாம் என்ற முடிவின் வேர் இதில்தான் இருக்கிறது. யாரிடமும் விடை கிடைக்காமல் கைவிட்டு நின்ற 1647-இல், தன் நிலையை அறிந்து பேசக்கூடியவர் கிறிஸ்து ஒருவரே என்று சொல்லும் குரலைக் கேட்டதாக எழுதுகிறார். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படித்ததால் மட்டும் ஒருவன் ஊழியக்காரன் ஆகிவிட மாட்டான் என்பது அதற்கு முன்பே அவருக்குத் தெளிவாகிவிட்டிருந்தது.

ஆக, உள்ளொளி என்று முதல் குவேக்கர்கள் சொன்னது மனிதனின் சொந்த நல்ல புத்தியை அல்ல. யோவான் சுவிசேஷத்தில், உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி என்று வருகிறதே, அதை. மனசாட்சி பழக்கத்தாலும் ஊராலும் உருவாவது, அது தவறலாம். ஒளி அந்த மனசாட்சியின் மேலேயே விழுந்து அதன் அழுக்கைக் காட்டுவது. 'எந்த மனுஷனையும்' என்ற சொல்லை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கும் வேலைக்காரனுக்கும் அது உண்டு என்றால், அதைப் பங்கு பிரித்துக் கொடுக்க இடையில் ஒருவர் எதற்கு? 1652-இல் அல்வர்ஸ்டன் ஊர்க் கோயிலில் ஃபாக்ஸ் எழுந்து, கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர் அப்படிச் சொன்னார் என்கிறீர்கள், நீ என்ன சொல்வாய் என்று கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்த, நீதிபதி ஒருவரின் மனைவியான மார்கரெட் ஃபெல், நாமெல்லாம் திருடர்கள், வசனத்தை வார்த்தையாக எடுத்துக்கொண்டோமே தவிர உள்ளே ஒன்றும் அறியோம் என்று அழுததாகப் பின்னாளில் எழுதினார்.

சடங்கு விஷயமும் இதன் தொடர்ச்சிதான். ஞானஸ்நானமும் திருவிருந்தும் தப்பு என்பது அவர்கள் வாதம் அல்ல. உள்ளே நடக்க வேண்டியது நடந்தால் தண்ணீர் தேவையில்லை, நடக்காவிட்டால் தண்ணீரால் பயனில்லை என்கிறார்கள். கல்யாணத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நீதிபதி இறந்து பல வருஷம் கழித்து, 1669-இல், மார்கரெட்டும் ஃபாக்ஸும் பிரிஸ்டலில் மணந்துகொண்டார்கள். முடித்து வைக்க யாரும் இல்லை. கூடுகையில் இருவரும் எழுந்து ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள், வந்திருந்தவர்கள் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். சேர்த்து வைப்பது கர்த்தருடைய வேலை, நாங்கள் வெறும் சாட்சிகள் என்பது ஃபாக்ஸின் வாதம். இன்றும் குவேக்கர் கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லோரும், குழந்தைகள் உட்பட, அந்தப் பெரிய தாளில் கையெழுத்திடுகிறார்கள்.

சரி, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்றால் குழப்பம் வராதா? வரும். நான் போன ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ ஒருவர் அன்றைய செய்தித்தாள் விவகாரத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். அவர் உட்கார்ந்த மறு நொடி இன்னொருவர் எழுந்து பதில் சொன்னார். கூடத்தில் எல்லோருக்கும் முதுகு விறைத்தது. டீ நேரத்தில் ஒரு மூப்பர் முதலாமவரைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப் போய்ப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கட்டுப்பாடு இல்லை என்று கட்டுரையாளர் எழுதியபோது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. ஒருவர் பேசியதற்கும் அடுத்தவர் எழுவதற்கும் நடுவே, சொன்னது உள்ளே இறங்க நேரம் விட வேண்டும். விவாதம் கூடாது. பேச்சைத் தயாரித்துக்கொண்டு வரக் கூடாது. பேசவே மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டும் வரக் கூடாது.

ஆப்பிள் கதை சொன்ன அம்மாவிடம், எழுந்திருக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன். மனதில் ஒன்று வந்ததும், இது எனக்கு மட்டும் சொன்னதா, எல்லோருக்குமா என்று முதலில் பார்ப்பாராம். அநேகமாகத் தனக்கு மட்டும்தானாம். எல்லோருக்கும் என்றால், இன்றைக்கா, இன்னொரு நாளைக்கா? இன்றைக்குத்தான் என்றாலும், சும்மா உட்கார்ந்திருக்க முடிகிறதா என்று பார்ப்பாராம். "முடிந்தால் உட்கார்ந்தே இருப்பேன். நெஞ்சு அடித்துக்கொண்டு, உட்கார முடியாமல் போனால்தான் எழுவேன். அப்போதும் சொல்ல வேண்டியது முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதுதான் கஷ்டம்" என்றார்.

அந்தக் கஷ்டத்துக்கு நல்ல சாட்சி ஜான் உல்மன். பதினெட்டாம் நூற்றாண்டில் நியூஜெர்சியில் வாழ்ந்தவர், அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடு வீடாகப் போய்ப் பேசி மாற்றியவர். இளவயதில் ஒரு கூடுகையில் எழுந்தபோது, தனக்குத் திறந்து காட்டப்பட்டதைத் தாண்டிச் சில வார்த்தை அதிகம் பேசிவிட்டார். தவறு செய்தோம் என்று உடனே தெரிந்துவிட்டது. சில வாரம் வெளிச்சமும் ஆறுதலும் இல்லாமல் தவித்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். ஆறு வாரம் கழித்துத்தான் மறுபடி வாய் திறந்தார், அதுவும் சில வார்த்தைகள். எங்கள் ஊர்க் கன்வென்ஷன் பந்தலில் ஒன்றரை மணி நேரப் பிரசங்கம் கேட்டே பழகிய எனக்கு, நாலு வார்த்தை கூடிப் போனதற்கு ஒரு மனிதன் வாரக்கணக்கில் தவித்தான் என்பது ஆச்சரியம்தான்.

இந்த ஜாக்கிரதை சும்மா வந்ததல்ல. 1656 அக்டோபரில், அன்றைய குவேக்கர்களில் சிறந்த பேச்சாளரான ஜேம்ஸ் நெய்லர், கொட்டும் மழையில் குதிரை மேல் பிரிஸ்டலுக்குள் நுழைந்தார். கூட வந்தவர்கள் பரிசுத்தர் பரிசுத்தர் என்று பாடிக்கொண்டு துணியைச் சேற்றில் விரித்தார்கள். எருசலேம் பவனியைக் காட்டும் அடையாளம்தான் இது என்றார் நெய்லர். தெய்வ நிந்தனை என்றது நாடாளுமன்றம். மரண தண்டனையிலிருந்து 82-க்கு 96 என்ற வாக்கில் தப்பினார். சவுக்கடி கொடுத்து, நெற்றியில் எழுத்துச் சூடு போட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நாக்கைத் துளைத்துச் சிறையில் போட்டார்கள். எனக்குள் ஒளி சொல்கிறது என்று ஒருவர் கிளம்பினால் அதைச் சோதிப்பது யார் என்ற கேள்வி குவேக்கர்களுக்குள்ளேயே எழுந்தது. 1660-களின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் நாடெங்கும் மாதக் கூடுகைகளை ஒழுங்குபடுத்தினார். அன்றுமுதல் ஒருவருக்குக் கிடைத்த வெளிச்சத்தைக் கூட்டம் உட்கார்ந்து எடை போடும். அதிலும் வாக்கெடுப்பு இல்லை. கிளார்க் என்ற பொறுப்பாளர் கூட்டத்தின் மனம் எங்கே சேர்கிறது என்று கவனித்து, அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிப்பார். ஒப்புதல் வந்தால் பதிவாகும், இல்லாவிட்டால் அடுத்த மாதம். அந்தக் கிளார்க்கும் சில வருஷத்தில் மாறிவிடுவார். குருமாரை ஒழிக்கவில்லை, குருமார் அல்லாதவர்களைத்தான் ஒழித்தோம் என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாற்காலி அடுக்குவது முதல் துக்க வீட்டுக்குப் போவது வரை, எங்கள் சபைக் குரு தனியாகச் செய்யும் வேலையை அங்கே பத்துப் பேர் பிரித்துக்கொள்கிறார்கள். சில கூடங்களில் அந்தப் பத்துப் பேர் கிடைக்காமல் திண்டாடுவதும் உண்மை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையின் தலைப்பு 'உலகக் குவேக்கர்கள்' என்று இருந்தது. உலகிலேயே குவேக்கர்கள் அதிகம் உள்ள நாடு கென்யா. 1902-இல் அமெரிக்கக் குவேக்கர் மிஷனரிகள் கைமோசியில் தொடங்கிய பணியின் விளைவு அது. அந்த மிஷனரிகள் வந்த பிரிவில் அதற்குள் எழுப்புதல் கூட்டங்களும் பாஸ்டர்களும் வந்துவிட்டிருந்தன. ஆகவே கென்யாவில் பெரும்பாலான குவேக்கர் சபைகளில் பாஸ்டர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கமும் உண்டு. கட்டுரையில் வந்தது பிரிட்டனிலும் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் உள்ள பழைய வழக்கம்.

இப்படிக்கு,
இரா. செல்வநாயகம்,
பாளையங்கோட்டை.