ரெஸ்யூமோடு விளம்பரத்தையும் அனுப்பு, மாரி

திருப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரி,

பிரபுவின் ரெஸ்யூமை நீ அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான்தான் சொன்னேன். பார்க்காமல் இல்லை, நான்கு முறை படித்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது, கயல் விஷயத்தில் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை, ஆனால் மாடி ஏறுவதையும் விடுவதாக இல்லை. பெரியசாமி அண்ணன் போன வாரம் வந்து உன்னைக் கேட்டார். அந்த நாற்பது ரூபாயை இன்னும் மறக்கவில்லை, நீ நேரில் வந்துதான் தீர்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கயல் ஐந்து வருடமாக ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள், உனக்குத் தெரியும். ஏப்ரலிலிருந்து வேறு இடம் தேடினாள். இருபத்து இரண்டு இடங்களுக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்பினாள், ஒரு போன்கூட வரவில்லை. "எனக்கு வேலையே தெரியாதுப்பா" என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் அழுதாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாதம் முந்நூறுக்கு மேல் பில் பார்க்கிற பெண் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்?

அடுத்த நாள் அவளுக்கு மிகப் பிடித்த ஒரு விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலை, அக்கவுண்ட்ஸ் பேயபிள் எக்ஸிக்யூட்டிவ், மூன்றிலிருந்து ஐந்து வருட அனுபவம். ரெஸ்யூமையும் பக்கத்தில் வைத்தேன். மில் ஸ்டோர்ஸில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் அல்லவா நான், பார்த்தவுடன் ஒன்று புரிந்தது. ஒரு பில் வந்தால் அதை பர்ச்சேஸ் ஆர்டரோடும் சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என்னோடும் ஒத்துப் பார்த்துத்தானே பாஸ் பண்ணுவோம்? இங்கேயும் மூன்று காகிதம் இருக்கிறது. விளம்பரம் அவர்கள் போட்ட ஆர்டர். ரெஸ்யூம் நாம் அனுப்பும் பில். அவள் உண்மையில் செய்த வேலைதான் ஜிஆர்என். மூன்றாவது காகிதத்தை அவள் எழுதிப் பார்த்ததே இல்லை.

ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி கோடு போட்டோம். முதல் பத்தியில் விளம்பரத்தின் வரிகள். ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரு வரியாக எழுதக்கூடாது, மாரி. "வெண்டார் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்து, டிடிஎஸ் பிடித்து, குறித்த நாளில் பணம் அனுப்ப வேண்டும்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அது மூன்று வேலை, மூன்று வரி. இப்படி உடைத்ததில் பதினோரு வாக்கியம் பத்தொன்பது வரி ஆனது. "நல்ல டீம் பிளேயர்" மாதிரியானவற்றை விட்டுவிட்டோம், அவற்றுக்கு ரெஸ்யூமில் ஆதாரம் காட்ட வழியில்லை. இரண்டாவது பத்தியில், அந்த வேலை ரெஸ்யூமில் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதை அப்படியே எழுத வேண்டும், இல்லையென்றால் காலியாக விட வேண்டும். மூன்றாவதில் அவள் உண்மையில் என்ன செய்தாள், எவ்வளவு செய்தாள் என்பது.

முடித்தபோது ஆறு வரிதான் நேராகப் பொருந்தியது. இரண்டு அரைகுறை. இரண்டு அவள் செய்யவே செய்யாதவை. மீதி ஒன்பதும் அவள் தினம் செய்கிற வேலைகள், ஆனால் ரெஸ்யூமில் இல்லை, அல்லது வேறு பெயரில் இருக்கின்றன! சரக்கு வந்துவிட்டது, பில்லே போடவில்லை.

உதாரணத்துக்கு ஒன்று. விளம்பரத்தில் "த்ரீ வே மேட்சிங்" என்று கேட்டிருந்தார்கள். நான் இப்போது சொன்னேனே, ஆர்டர், ஜிஆர்என், பில் மூன்றையும் ஒத்துப் பார்ப்பது, அதேதான். அவள் ரெஸ்யூமில் "பில் செக்கிங் அண்ட் என்ட்ரி" என்று இருந்தது. அவள் கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளும் அப்படியே எழுதிவிட்டாள். அங்கே முதலில் ரெஸ்யூமைப் பார்ப்பவர் அக்கவுண்டன்ட் இல்லை, எச்ஆர். அவரிடம் நூற்றுக்கணக்கில் வந்து கிடக்கும். தேடல் பெட்டியில் இப்படி ஏதாவது போட்டு வடிகட்டுவார்:

```
"accounts payable" AND (SAP OR ERP) AND GST
```

"பில் செக்கிங்" என்று எழுதியவள் அந்தத் தேடலில் வரவே மாட்டாள். வந்தாலும் இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் விளம்பரம் எந்தச் சொல்லைச் சொல்கிறதோ அதே சொல். சுருக்கமும் விரிவும் இருந்தால் இரண்டையும் ஒரு முறையாவது எழுத வேண்டும், யார் எதைத் தேடுவார் என்று தெரியாது.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. "ரீகன்சிலியேஷன்" என்ற சொல் அவள் ரெஸ்யூமில் இருந்தது. Ctrl+F போட்டால் "இருக்கிறது" என்று காட்டும். ஆனால் அவள் எழுதியிருந்தது பேங்க் ரீகன்சிலியேஷன். அவர்கள் கேட்டது வெண்டார் ரீகன்சிலியேஷன், கூடவே ஜிஎஸ்டியில் GSTR-2B ரீகன்சிலியேஷன். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வாக்கில், சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2B வந்ததும் கொள்முதல் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, எந்தச் சப்ளையர் நம் பில்லைக் காட்டவில்லை என்று பட்டியல் போட்டு, போன் பண்ணி விரட்டி, 20ஆம் தேதி 3B ரிட்டர்னுக்குள் முடிப்பவள் அவள்தான். அவர்கள் காட்டாவிட்டால் நமக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, பணம் மாட்டிக்கொள்ளும். இவ்வளவு செய்துவிட்டு ரெஸ்யூமில் "ஜிஎஸ்டி நாலெட்ஜ்" என்று இரண்டு சொல்! நான் சத்தம் போட்டுவிட்டேன், சாரதா வந்து என்னை அடக்கினாள்.

அதனால் சொல்லை மட்டும் ஒப்பிடாதே. சொல் ஒன்றாக இருந்து வேலை வேறாக இருக்கும், வேலை ஒன்றாக இருந்து சொல் வேறாக இருக்கும். வரி வரியாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

மூன்றாவது பத்தியை நிரப்பத்தான் அதிக நேரம் ஆனது. "நிறைய பில்" என்றாள். நிறைய என்றால் எத்தனை? மறுநாள் டேலியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தாள். மாதம் சராசரி 350 பர்ச்சேஸ் வவுச்சர், 120 சப்ளையர். அவளுக்கே ஆச்சரியம். எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள், சப்ளையர் பெயரும் விலையும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ரெஸ்யூமின் முதல் வரி இப்போது இதுதான்: மாதம் 350 வெண்டார் இன்வாய்ஸ், த்ரீ வே மேட்சிங், 120 வெண்டார்களின் ரீகன்சிலியேஷன். மூன்றாம் இடத்தில் 2B. அப்புறம், சிறு தொழில் சப்ளையர்களுக்கு 45 நாளுக்குள் பணம் போகிறதா என்று கண்காணிப்பதையும் விளம்பரம் கேட்டிருந்தது. அதற்காக அவள் 2024லிருந்து தனி எக்ஸல் ஷீட் வைத்திருக்கிறாள், VLOOKUP போட்டு. அதுவும் உள்ளே வந்தது.

இப்போது அந்த இரண்டு இல்லாத வரிகள். ஒன்று எஸ்ஏபி என்ற மென்பொருள், இன்னொன்று வெளிநாட்டுச் சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவது. தோழி ஒருத்தி "எஸ்ஏபின்னு போட்டுடு, அப்புறம் கத்துக்கலாம்" என்றிருக்கிறாள். நான் விடவில்லை. வராத சரக்குக்குப் பில் போடுவதுதானே அது? மாட்டிக்கொள்வதும் எளிது. எஸ்ஏபியில் வேலை செய்தவன் எவனும் ஆர்டருள்ள பில்லை MIRO என்ற கட்டளையிலும் ஆர்டர் இல்லாத பில்லை FB60இலும் ஏற்றுவான். "பில்லை எதில் போடுவீர்கள்" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், முகம் வெளுத்துவிடும்.

ஆனால் விளம்பரத்தை மறுபடி படித்தபோது "எஸ்ஏபி அல்லது வேறு ஈஆர்பி" என்று இருந்தது. அவள் கம்பெனியில் ஆர்டரும் ஜிஆர்என்னும் ஒரு ஈஆர்பியில்தான் போடுகிறார்கள், இரண்டு வருடமாக அவள் அதைப் பயன்படுத்துகிறாள். ரெஸ்யூமில் அந்தச் சொல்லே இல்லை. "அது சும்மா சாஃப்ட்வேர்தானேப்பா" என்கிறாள். ஈஆர்பி என்று அந்த மென்பொருளின் பெயரோடு எழுதினோம். எஸ்ஏபி எங்கும் எழுதவில்லை. மெயிலில் ஒரே வரி: எஸ்ஏபி பயன்படுத்தியதில்லை, ஆர்டரிலிருந்து பில் வரை ஈஆர்பியில் செய்த பழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பணம் பற்றி எதுவும் எழுதவில்லை. விளம்பரத்தில் அது "இருந்தால் நல்லது" என்ற கீழ்ப்பகுதியில்தான் இருந்தது.

அரைகுறை இரண்டும் மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு சம்பந்தமானவை. பட்டியல் தயாரிப்பது இவள், என்ட்ரி போடுவது சீனியர். "உதவினேன்" என்றே எழுதச் சொன்னேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிறகு தலைகீழாகவும் பார்த்தோம். ரெஸ்யூமின் ஒவ்வொரு வரிக்கும் விளம்பரத்தில் ஜோடி இருக்கிறதா என்று. பெட்டி கேஷ் மூன்று வரி பிடித்திருந்தது, டைப்ரைட்டிங் லோயர் வேறு தலைப்பில். பெட்டி கேஷ் ஒரு வரியானது, டைப்ரைட்டிங் போனது.

கடைசியில் ஒரு அதிர்ச்சி. அவள் ரெஸ்யூம் அழகான டெம்ப்ளேட், இரண்டு பத்தி, திறமைகளுக்குக் கலர் கலராகப் பட்டைகள். முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம். திறமைகள் பகுதி வரவே இல்லை, எல்லாம் படம்! வேலை செய்த வருடங்கள் படிப்போடு கலந்து கிடந்தன. அங்கே கம்ப்யூட்டர் படித்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் படிக்கும். ஒரே பத்தியில் சாதா வேர்ட் கோப்பாக மாற்றினாள். பிரபுவுடையதும் அதே டெம்ப்ளேட்தான், அதை இன்றே ஒட்டிப் பார்க்கச் சொல்.

விண்ணப்பித்து ஆறாம் நாள் போன் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்டர்வியூ. கிடைக்குமா என்பது வேறு விஷயம். அந்த மூன்றாம் பத்தித் தாளை அவள் மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறாள், கேள்விக்கு அதிலிருந்துதான் பதில்.

பிரபு விஷயத்தில் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? நீ பில்லை மட்டும் அனுப்பினாய், ஆர்டரை அனுப்பவில்லை. எதோடு ஒத்துப் பார்ப்பேன்? அவனுக்கு உண்மையிலேயே வேண்டுமென்று தோன்றுகிற ஒரே ஒரு விளம்பரத்தை எடுக்கச் சொல். முழுவதையும் காப்பி செய்து தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும். ஆள் எடுப்பதை மூடினால் விளம்பரம் காணாமல் போய்விடும், இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது என்ன கேட்டிருந்தார்கள் என்றே நினைவிருக்காது. அப்புறம் அந்த லாரி சர்வீஸில் அவன் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்கிறான் என்று, ரெஸ்யூமைப் பார்க்காமல், தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். அவன் "ஆபீஸ் ஒர்க்" என்று எழுதியிருக்கிறானே, அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிறு காலை போன் பண்ணு, ஒன்பதுக்கு மேல். சாரதா உன் வீட்டு ஊறுகாய் தீர்ந்துவிட்டதைச் சொல்லச் சொன்னாள்.

உன்,
சுந்தரம்