வினைச்சொல் வருமுன் நின்றுபோகும் செய்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் சென்னை வாசகர் ஒருவர், வெளிநாட்டில் வளரும் உறவுக்காரப் பிள்ளைகள் தமிழில் செய்தி அனுப்பத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், என்ன பதில் போடுவதென்று தெரியாமல் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். நான் மொரீசியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்தக் கட்டைவிரலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி கிரியோல். தமிழ், பள்ளியில் பாடமாக வருவது. கோயிலில் காதில் விழுவது. எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், தேவாரம் பாடுவார்கள், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்குவார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டில் நடந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றால், இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார்கள். எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் என்ன பதில் எழுதலாம் என்பதும் தெரியும்.

என் தம்பி மகள் ஒருத்தி. நேரில் பார்த்தால் கிரியோல் வழக்கப்படி ‘தாந்தின்’ என்றுதான் கூப்பிடுவாள். தமிழில் எழுதும்போது மட்டும் ‘அத்தை’. தைப்பூசத்தன்று ராத்திரி அவளிடமிருந்து வந்த செய்தி இது:

“அத்தை நாங்கள் இன்று காவடி எடுத்தோம். ரொம்ப வெயில். நான் பாள் சொம்பு தூக்கினேன். கோயிலில் போய் திறந்து பார்த்தோம் பாள்...”

அவ்வளவுதான். மூன்று புள்ளி.

இந்த ஊர்க் காவடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. ஜனவரி, பிப்ரவரி எங்களுக்கு நடுக்கோடை. காவடியோடு சொம்பில் பால் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்து கோயிலுக்குப் போவோம். போய்ச் சேரும்வரை பால் கெடாமல் இருந்தால் விரதம் ஒழுங்காக நிறைவேறியது என்று நம்பிக்கை. ஆகவே சொம்பைத் திறந்து பார்க்கும் அந்த நொடி எல்லோருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இப்போது அந்த மூன்று புள்ளிகளைப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா என்பதும் அந்த வினையின் வாலில்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. கிரியோலில் அப்படி இல்லை. ‘பா’ என்ற எதிர்மறைச் சொல்லை வினைக்கு முன்னாலேயே போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு வாக்கியம் அறுந்தாலும், இல்லை என்கிறார் என்பதாவது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். தமிழ்ச் செய்தி கடைசிச் சொல்லுக்கு முன் நின்றால் என்ன ஆனது என்பதும் தெரியாது, ஆனதா ஆகவில்லையா என்பதும் தெரியாது. பால் கெட்டதா, கெடவில்லையா, வழியில் பாதி சிந்தியதா? ஒருவர் கட்டைவிரல் போட்டார் என்றால் எதற்குப் போட்டார்? பால் கெட்டுப்போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும்?

நாமாக ஊகித்து எழுதுவதும் ஆபத்துதான். “ஐயோ, திரிந்துவிட்டதா?” என்று கேட்டால், நல்லபடியாக முடித்துவந்த பிள்ளையின் வாயில் நாமே அபசகுனத்தைப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

முதலில் நான் கொஞ்சம் காத்திருந்தேன். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தது. அது இருக்கும்வரை குறுக்கே போகக் கூடாது. அவளே சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சார்லஸ் குட்வின், மார்ஜரி குட்வின் என்ற இருவர் 1986இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நேரில் பேசும்போது சொல் கிடைக்காதவர் முதலில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார், அதாவது தானே தேடுகிறார். கேட்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார் என்றால் உதவிக்கு அழைக்கிறார். செய்தியில் முகம் இல்லை. எழுதுகிறாள் என்ற அந்த அடையாளம் போய்விட்டு, கேள்விக்குறியோ, “எப்படிச் சொல்வது” என்பதோ, ஒரு கிரியோல் சொல்லோ வந்தால் அதைத்தான் திரும்பிப் பார்த்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். இவளிடமிருந்து வந்தது “தெரியல” என்ற ஒற்றைச் சொல்.

நான் எழுதியது: “இவ்வளவு வெயிலில் சொம்பு தூக்கினாயா! பால் திரியாமல் வந்ததா?”

அவள் பதில்: “ஆமாம் அத்தை. பால் திரியாமல் வந்தது. அம்மா சொம்பும் திரியாமல் வந்தது.”

இதில் நான் கவனமாகச் செய்தது இரண்டு விஷயம். ஒன்று, அவள் சொன்ன செய்தியைத்தான் முதலில் கையில் எடுத்தேன். வெயில், சொம்பு. சொல்லைப் பற்றிப் பேசவில்லை. ‘பாள்’ என்று எழுதியிருந்ததையும் தொடவில்லை. என் வாக்கியத்தில் பால் என்று சரியாக எழுதியதோடு சரி. பாருங்கள், அடுத்த செய்தியில் லகரம் தானாகச் சரியாகிவிட்டது.

இன்னொன்றுதான் முக்கியம். அவளுக்குத் தேவைப்பட்ட சொல்லை அகராதியில் இருக்கிறபடி ‘திரி’ என்று கொடுக்கவில்லை. அவள் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளக் கூடிய வடிவத்தில் கொடுத்தேன். கேள்வியின் கடைசி ‘ஆ’வைக் கழற்றினால் அதுவே பதில். வெறும் வேரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பள்ளியில் பார்த்திருக்கிறேன். சிரி என்றால் சிரித்தது என்று படித்த பிள்ளை, திரி என்றால் திரித்தது என்று எழுதும். கயிறு திரிப்பது, பேச்சைத் திரிப்பது எல்லாம் அந்த வடிவம். பாலுக்குத் திரிந்தது. நமக்கு இது யோசிக்காமல் வருகிறது. பாடமாகப் படித்த பிள்ளைக்கு ஒவ்வொரு வினையும் எந்த வகையில் சேரும் என்பது தனித்தனிச் சந்தேகம். பாதிச் செய்திகள் சொல் தெரியாததால் நிற்பதில்லை, முடிவைப் போடத் தெரியாததால்தான் நிற்கின்றன.

இதே பெண் முன்பு ஒருமுறை குடும்பக் குழுவில் இப்படி நின்றபோது பெரியவர் ஒருவர், “தமிழ் வராவிட்டால் ஏன் எழுதுகிறாய்” என்று போட்டார். இன்னொருவர் அன்பாகத்தான், கிரியோலிலேயே நீளமாகப் பதில் எழுதினார். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்: அதற்குப் பிறகு குழுவில் அவள் தமிழே எழுதவில்லை. 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தீவே கொந்தளித்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்த சமூகம் எங்களுடையது. நோட்டில் இருக்கும் தமிழுக்கு இருந்த வேகம், ஒரு பிள்ளை தட்டி அனுப்பும் தமிழுக்கு இல்லாமல் போவது எனக்குப் புரியவில்லை.

“அடடா, எவ்வளவு அழகாகத் தமிழ் எழுதுகிறாய்” என்ற பாராட்டும் அந்த நேரத்துக்கு உதவாது. அவள் பாலைப் பற்றிச் சொல்ல வந்தாள். அவளுடைய தமிழைப் பற்றிப் பேச்சு திரும்பினால், பால் என்ன ஆனது என்பது அங்கேயே நின்றுவிடும்.

அதற்காக, நல்லபடியாகப் பதில் எழுதினால் சொல் மனதில் பதிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சில வாரம் கழித்து, புயலில் கரண்ட் போன மறுநாள், அவளே எழுதினாள்: “பிரிட்ஜில் பால் திரித்தது.” சொல் நினைவில் இருந்தது, நான் பயந்த அதே இடத்தில் வடிவம் தவறியது. “எங்கள் வீட்டிலும் திரிந்துபோனது, இரண்டு பாக்கெட்” என்று எழுதினேன். அவள் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. கனடாவில் பிரெஞ்சு கற்கும் வகுப்புகளைப் பார்த்து ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் எழுதியதும் இதுதான்: ஆசிரியர்கள் அதிகம் செய்வது இப்படித் திருத்திய வடிவத்தைத் தாங்களே சொல்லிவிடுவது, மாணவர்கள் அதைப் பிடித்துக்கொள்வது குறைவு. வகுப்பில் இருந்திருந்தால் நான் அவளை நிறுத்தி, யோசித்துச் சொல் என்றிருப்பேன். அத்தையாக இருக்கும்போது அது என் வேலை இல்லை.

சொல்லே கிடைக்காத நேரத்துக்கு அவளுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறேன். கிரியோல் வினையைப் போட்டு அப்புறம் ‘பண்ணினேன்’ என்று முடித்துவிடு. சென்னையில் ‘போன் பண்ணினேன்’, ‘அட்ஜஸ்ட் பண்ணினேன்’ என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதே வழிதான். காலமும் ஆளும் எதிர்மறையும் ‘பண்ணு’வில் ஏறிவிடுவதால் வாக்கியம் முடிந்துவிடும், யார், எப்போது, செய்தாரா இல்லையா எல்லாம் தெரிந்துவிடும். தமிழாசிரியை இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். சொல்லலாம்.

ஒரே ஒரு இடத்தில் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட வேண்டும். பிறகொரு நாள் அவள் எழுதினாள்: “அத்தை பாட்டிக்கு மூச்சு...” நான் காத்திருக்கவில்லை, தமிழிலும் கேட்கவில்லை. உடனே போனில் அழைத்து, மூச்சு வாங்குகிறதா, 114க்குச் சொல்லிவிட்டீர்களா என்று கிரியோலில் கேட்டேன். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தது. பாட்டி இப்போது வீட்டில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீசியஸ்.