முதிய நாயின் இரவு நடை: வயது மட்டும் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்களின் தூக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் மணிக்கணக்கு சரிதான். வளர்ந்த நாய் ஒரு நாளில் சுமார் 12 முதல் 14 மணி நேரமும் குட்டி 18 முதல் 20 மணி நேரமும் தூங்கும். ஆனால், வயதான நாய் ராத்திரியில் எழுந்து நடந்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்று முடித்திருந்தீர்கள். கால்நடை மருத்துவன் என்ற முறையில் அதை மட்டும் ஏற்க முடியவில்லை.

குட்டியும் கிழநாயும் நிறையத் தூங்குகின்றன என்று இரண்டையும் ஒரே வரியில் சொன்னதில்தான் சிக்கல். குட்டியின் தூக்கம் வளர்ச்சிக்கானது. வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. அதனால்தான் ஓடியாடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று அப்படியே சுருண்டு விடுகிறது. முதிய நாய்க்கோ தூக்கம் துண்டு துண்டாக உடைகிறது. இரவில் விட்டதைப் பகலில் பிடிக்கிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதைப் பார்த்து நன்றாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

தூக்கத்தில் கால்களை உதறுவதும் முனகுவதும் வேறு விஷயம். தூங்கத் தொடங்கிச் சுமார் 20 நிமிடத்தில் இமைக்குள் விழி உருளும், மூச்சு ஒழுங்கு தவறும், பாதங்கள் துடிக்கும். அதுதான் கனவு வரும் கட்டம். அப்போது உடல் எழுந்து ஓடாமல் தசைகளை அடக்கி வைப்பது மூளைத்தண்டில் உள்ள பான்ஸ் என்ற பகுதி. பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஜூவே பூனைகளில் அங்கே சேதம் ஏற்படுத்தியபோது, அவை தூக்கத்திலேயே எழுந்து கண்ணுக்குத் தெரியாத இரைமேல் பாய்ந்தன. குட்டியிடம் இந்த அடக்கும் சக்தி இன்னும் முதிரவில்லை. முதுமையில் அது தளர்கிறது. இந்த இரு பருவங்களிலும் துடிப்பு கூடுதலாகத் தெரிய இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

இதை வலிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கனவுத் துடிப்பு விட்டு விட்டு, சில நொடிகளே வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் விழித்து உடனே ஆளை அடையாளம் காணும். வலிப்பில் உடல் விறைக்கும், கால்கள் சைக்கிள் மிதிப்பது போல ஒரே தாளத்தில் அடிக்கும், எச்சில் வழியும், சிறுநீர் போகலாம், கூப்பிட்டாலும் விழிக்காது. முடிந்த பிறகும் சற்று நேரம் திக்குத் தெரியாமல் தடுமாறும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர சிகிச்சை தேவை. எதுவானாலும் தொட்டு எழுப்பாமல் குரல் கொடுங்கள்; திடுக்கிட்டு எழும் நாய் கடித்துவிடும்.

இனி இரவு நடைக்கு வருவோம். 12 வயது, 10 கிலோ எடையுள்ள நாய் ஒன்று நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து உலாத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். காலையில் 1 லிட்டரை அளந்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீதியைக் கழித்துப் பாருங்கள். இந்த எடைக்கு 500, 600 மில்லி போதும். ஒரு லிட்டரும் தீர்ந்து இன்னும் கேட்டால், அது எழுவது சிறுநீருக்காக இருக்கலாம். சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். அதற்காகத் தண்ணீரைக் குறைத்து வைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதான நாய்க்கு அது ஆபத்து.

அடுத்தது மூச்சு. கனவுத் துடிப்பு இல்லாமல் அமைதியாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கொண்டு 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுவது தொடர்ந்தால், குறிப்பாக இருமலும் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்தால், இதயத்தைப் பார்க்க வேண்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் மூட்டு வலியைச் சந்தேகிக்கலாம். வலி உள்ள நாய் படுப்பதற்குள் பலமுறை சுற்றும், படுத்த இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், எழும்போது பின்னங்கால் தடுமாறும். கனமான, வழுக்காத விரிப்பு போட்டாலே சில நாய்கள் அசையாமல் தூங்குவதைப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் விலக்கிய பிறகுதான் மூளைத் தளர்ச்சிக்கு வர வேண்டும். அதன் அடையாளம் வெறும் நடை அல்ல. கதவின் கீல் பக்கம் போய்க் காத்து நிற்கும், மூலையில் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் விழிக்கும், வெளியே போகப் பழகியிருந்தும் வீட்டுக்குள்ளேயே அசுத்தம் செய்யும். பகலில் இரண்டு சிறு நடை, வெளிச்சம், இரவில் ஒரு மங்கிய விளக்கு ஆகியவை உதவும்; மருந்தும் உண்டு. முழுக்கக் குணமாகாது, ஆனால் இரவுகள் சற்று அடங்கும்.

இரவு நடையைச் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வாருங்கள். பகலில் பரிசோதனை மேசைமேல் எந்த நாயும் அப்படி நடந்து காட்டுவதில்லை. அதுவரை வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ தூக்க மாத்திரையையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்