இருபது நிமிடம் கேட்டு எழுதும் மெயில்

அன்புள்ள சுமதிக்கு,

நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். மருத்துவமனை மருந்தகத்திலிருந்து, மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மருந்துப் பாதுகாப்புப் பணிக்கு மாறும் எண்ணம் உனக்குப் பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது. அந்தத் துறையில் மூத்தவர் ஒருவரிடம் முதலில் பேசிப் பார்ப்பதும் சரியே. ஆனால் இந்த மெயிலை இப்படியே அனுப்பிவிடாதே.

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நீ என்ன கேட்கிறாய் என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. அவர் அதைக் கைப்பேசியில், இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் திறப்பார். முதல் திரையில் உன் படிப்பும் அவரைப் பற்றிய பாராட்டும் மட்டும் தெரிந்தால், 'பிறகு நிதானமாகப் படிக்கலாம்' என்று மூடிவிடுவார். அப்படி மூடிய மெயிலை மறுபடி திறப்பவர்கள் குறைவு.

பயோடேட்டாவையும் இணைத்திருக்கிறாய். எடுத்துவிடு. அது இருந்தாலே வேலை கேட்கும் கடிதமாகிவிடும். 'காலியிடம் இல்லை' என்று பதில் போடுவார், அல்லது மனிதவளப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். உனக்குத் தேவை இரண்டுமே இல்லை.

அடுத்தது கேள்வி. 'இந்தத் துறை எப்படி இருக்கிறது, எதிர்காலம் உண்டா' என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதில் சொல்ல அவர் ஒரு சொற்பொழிவே தயார் செய்ய வேண்டும். படித்தே தெரிந்துகொள்ளக்கூடியதையும் கேட்காதே. பக்கவிளைவு அறிக்கை ஒன்று ஏற்கப்பட, அடையாளம் காணக்கூடிய நோயாளி, அறிக்கை தந்தவர், சந்தேகத்துக்குரிய மருந்து, ஏற்பட்ட பாதிப்பு என நான்கும் வேண்டும் என்பது வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. அவரால் மட்டும் சொல்ல முடிந்தது வேறு. நீ மருந்தகத்தில் சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கேட்கலாம், நோயாளியின் கோப்பைப் புரட்டலாம். அங்கே பாதி விவரம் இல்லாத ஓர் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, மருந்துதான் காரணமா என்று சொல்ல வேண்டும். உன்னைப் போல் மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் இதில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது, அவர்களை வேலைக்கு எடுத்துப் பழக்கியவருக்குத்தான் தெரியும். அந்த ஒரு கேள்வி போதும். மற்றவை பேச்சில் தானாக வரும்.

இதோ, திருத்தி எழுதியது. தலைப்பு வரி நீங்கலாக 90 சொல்லைத் தாண்டவில்லை.

பொருள்: மருந்துப் பாதுகாப்புப் பணி பற்றி 20 நிமிடம் பேச முடியுமா?

"வணக்கம். மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்துப் பாதுகாப்புத் துறைக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கவிளைவு அறிக்கைகளில் மருந்துதான் காரணமா என்று முடிவெடுப்பது பற்றி நீங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். மருத்துவமனையிலிருந்து அந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

வரும் இரண்டு வாரங்களில் ஒரு நாள் 20 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் மாலை 5 மணிக்கு மேல் எனக்கு வசதி. வேறு நேரமானாலும் அமைத்துக்கொள்வேன். வேலை கேட்டு எழுதவில்லை.

வசதிப்படாது என்றால் 'இயலாது' என்ற ஒரு சொல் போதும். பதில் வராவிட்டாலும் அப்படியே எடுத்துக்கொள்வேன். மீண்டும் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நன்றி,
சுமதி"

'வேலை கேட்டு எழுதவில்லை' என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அந்த வரியை வை. அடுத்த மாதமே அவருடைய நிறுவனத்தில் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் எடுத்துவிடு. விண்ணப்பம் அவர் கண்ணில் பட்டதும் இந்த மெயில் நினைவுக்கு வரும்.

நீ அதிகம் கவனிக்க வேண்டியது கடைசிப் பத்தி. 'எவ்வளவு வேலை இருந்தாலும் எனக்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவீர்கள் என்று நம்புகிறேன்' என்று முடித்திருந்தாய். பணிவாகத்தான் தெரிகிறது. ஆனால் மறுத்தால் உன் நம்பிக்கையைக் கெடுத்த பாவம் அவர் தலையில் விழுகிறது. முடியாது என்று சொல்ல அவர் ஒரு காரணம் தேட வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்தச் சங்கடத்துக்காகவே பதிலைத் தள்ளிப்போடுவார். நாள் போகப் போகச் சங்கடம் கூடும், கடைசியில் எழுதவே மாட்டார்.

இன்னொன்று. 'பேச முடியாவிட்டால் மெயிலில் பதில் தரலாம், அதுவும் முடியாவிட்டால் வேறு யாரையாவது சொல்லலாம்' என்று வழிகளை அடுக்கியிருந்தாய். அவர் சுமையைக் குறைப்பதாக நினைத்துத்தான் செய்திருக்கிறாய். ஆனால் இப்போது அவர் மூன்று முறை மறுக்க வேண்டியிருக்கிறது! ஒன்றைக் கேள், அதற்கு ஒரே ஒரு வெளிவாசலை வை. மனமிருந்தால் வேறு ஆளை அவரே சொல்வார்.

வாசலைத் திறந்துவிட்டுக் குறுக்கே நிற்கவும் கூடாது. 'பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்' என்று எழுதிவிட்டு ஒரு வாரத்தில் 'முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா' என்று கேட்பவர்கள் நிறைய. அதோடு முதல் மெயிலின் நாணயம் போய்விடும். மெயில் கண்ணில் படாமலே போயிருக்கலாம், உண்மைதான். அந்த வாய்ப்பு கைவிட்டுப் போவது இந்த முறைக்குக் கொடுக்கும் விலை. ஒருமுறை நினைவூட்டத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், கடைசி இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி எழுது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஒருவரையே துரத்துவதைவிட, வெவ்வேறு நிறுவனங்களில் மூன்று பேருக்குத் தனித்தனியாக எழுதுவது மேல். ஒரே அலுவலகத்தில் இருவருக்கு ஒரே நாளில் அனுப்பாதே, அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

உங்கள் இருவருக்கும் தெரிந்த அந்தப் பேராசிரியரின் பெயரைச் சொல்லலாம், அவரிடம் கேட்டுக்கொண்டு. ஆனால் மெயிலின் நகலை அவருக்கு அனுப்பாதே. மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுப்பது சிரமம். நாட்காட்டி அழைப்பு, நேரம் பதிவு செய்யும் இணைப்பு இவையும் வேண்டாம். இன்னும் சம்மதிக்காதவர் கையில் அவை ஒரு வேலையைத் திணிக்கின்றன.

சரி என்று பதில் வந்தால் அன்றைக்கே, அவர் சொன்ன நேரத்தை ஒப்புக்கொண்டு, 'நானே அழைக்கிறேன்' என்று ஒரு வரி போடு. பதினெட்டாவது நிமிடத்தில் 'நேரம் முடியப்போகிறது, முடித்துக்கொள்ளலாமா' என்று நீயே கேள். தொடர விருப்பமிருந்தால் அவரே தொடர்வார். மறுநாள் நன்றி சொல்லும்போது அவர் சொன்னதில் எது உனக்குப் புதிதாக இருந்தது என்பதைச் சேர்த்து எழுது. அதோடு அடுத்த உதவி எதையும் கேட்டுவிடாதே.

'இயலாது' என்று வந்தால், 'தெரிவித்ததற்கு நன்றி' என்ற அளவில் நிறுத்திக்கொள். 'அடுத்த மாதம் முடியுமா' என்ற கேள்வி அதில் வரவே கூடாது.

உரையில் அவர் எந்த இடத்தைப் பற்றிப் பேசியது உன்னை யோசிக்க வைத்தது என்று இரண்டு வரியில் எனக்கு எழுது. உரையைக் கேட்டதாகச் சொல்லும் வாக்கியத்தை இன்னும் குறிப்பாக்கிவிடலாம், பிறகு அனுப்பு.

அன்புடன்,
கலா