கிரியேட்டின் இருக்கிறது, சரி, எத்தனை கிராம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தசை வலிமைக்காகப் பலர் எடுத்துக்கொள்ளும் கிரியேட்டின் சேர்த்த உணவுப்பொருள்கள் பற்றிய உங்கள் கட்டுரை, ஒரு வேளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்ற கேள்வியைத் தொடவே இல்லை. வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஆய்வுகளில் பலன் தந்ததாகச் சொல்லப்படும் அளவு பொதுவாக நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட்.

ஒரு புரோட்டீன் பாரை எடுத்துக்கொள்வோம். பின்பக்க அட்டவணையில் 'கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 2.5 கிராம்' என்று இருக்கிறது. மேலே பொடி எழுத்தில் '100 கிராமுக்கு' என்றும் இருக்கிறது. பாரின் எடையோ 40 கிராம். ஆக, ஒரு பாரில் கிடைப்பது 1 கிராம்தான். 3 கிராம் வேண்டுமானால் 3 பார் தின்ன வேண்டும். அதிலுள்ள சர்க்கரையும் கொழுப்பும் கூடவே மும்மடங்கு உள்ளே போகும்.

இதைவிட மோசம், தனி அளவே சொல்லாமல் 'எனர்ஜி கலவை 4 கிராம்' என்று மொத்தமாகப் போடுவது. அங்கேயும் ஒரு வழி உண்டு. உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்துவதே வழக்கம். டாரின், பீட்டா அலனின், அதற்குப் பிறகு மூன்றாவதாகக் கிரியேட்டின் என்றால், அது 4 கிராமில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே முடியாது. அதாவது அதிகபட்சம் 1.3 கிராம். இது உச்சவரம்புதான், உண்மையில் சில மில்லிகிராம் மட்டுமே இருந்தாலும் அதே வரிசையில்தான் வரும்.

டின்னில் வரும் பானங்களில் லேபிள் சரியாக இருந்தாலும் சிக்கல் தீராது. தண்ணீரில் கரைந்த கிரியேட்டின் மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக மாறிவிடும்; அதனால் தசைக்குப் பயனில்லை. புளிப்பும் வெப்பமும் கூடினால் இந்த மாற்றம் வேகமெடுக்கும். pH 3.5 அளவு புளிப்புள்ள கரைசலில், 25 டிகிரி வெப்பத்தில், மூன்றே நாளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. எனர்ஜி டிரிங்குகள் பலவும் ஏறக்குறைய இந்தப் புளிப்பில் உள்ளவை. கடை அலமாரியிலோ மாதக்கணக்கில் இருக்கின்றன. தூளை அவ்வப்போது கரைத்து உடனே குடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

'இயற்கையாகவே கிரியேட்டின் உள்ளது' என்று விற்கும் இறைச்சி, மீன் ரெடிமேட் உணவுகளுக்கும் ஒரு வார்த்தை. பச்சை இறைச்சி ஒரு கிலோவில் இருப்பதே ஏறத்தாழ 4, 5 கிராம். 100 கிராம் இறைச்சி சேர்ந்த ஒரு பொட்டலத்தில் அரை கிராம் தேறினாலே பெரிது. சமைக்கும்போது அதிலும் கொஞ்சம் குறையும்.

அடுத்த முறை இப்பொருள்களை ஒப்பிட்டு அட்டவணை வெளியிடும்போது, 'ஒரு வேளைக்கு எத்தனை கிராம்' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். தயாரிப்பாளர் சொல்லாத இடத்தில் 'அளவு தெரிவிக்கப்படவில்லை' என்றே அச்சிடுங்கள். பானங்களுக்கு, காலாவதித் தேதியை நெருங்கிய டின்னில் செய்த ஆய்வக முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்